கரையும் கறையும்: மாமாவின் கல்லுக்கு எந்த எதுகை?

ஒக்கிப் புயலில் காணாமல் போன என் மாமாவுக்கு உடல் இல்லாத ஒரு கல்லறை இருக்கிறது. தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் அப்படிப்பட்ட கல்லறைகள் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று புயல் வந்தபோது அவர் ஆழ்கடல் தூண்டில் தொழிலுக்குப் போயிருந்தார். படகும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. பல வருடம் கழித்து மாமி கல் வைக்கத் துணிந்தாள். "நீதானே எழுதுவ மக்களே, நாலு வரி எழுதித் தா" என்றாள். அதே வரிகளை நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று, கல்லறைத் தோட்டத்தில் நின்று வாசிக்கவும் வேண்டும் என்றாள்.

நாலு வரிக்கு மூன்று வரைவு எழுதினேன். மூன்றிலும் செய்தி ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது ஒலி. ஒன்றில் எதுகையும் இயைபும் பிசகில்லாமல் வந்தன. இன்னொன்றில் எதுகை மூன்று வரி வந்து நாலாவதில் முறிந்தது. மற்றொன்றில் எதுகை வருவதுபோல் வந்து, வராமல் சாய்ந்தது. கல்லில் வெட்டிய பிறகு மாற்ற முடியாது என்பதால், எதைக் கொடுப்பது என்று மூன்று வாரம் யோசித்தேன். அந்த யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதுகை என்பது அடிகளின் முதற்சீரில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. முதல் எழுத்து அளவில் ஒத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். இயைபு அடியின் கடைசியில் ஒலி ஒன்றுவது. இழப்புக் கவிதையில் இவை இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை, அதைக் கீழே சொல்கிறேன்.

முதல் வரைவு இது:

கடலுக்குப் போனவன் கரைசேர வில்லை
உடலுக்குக் காத்திருந்தோம் ஊர்மணலின் எல்லை
மடலெழுதிக் கேட்டபின்னும் மறுமொழிதான் இல்லை
திடலெல்லாம் அழுதோயத் தீரவில்லை தொல்லை

வாசித்துப் பார்த்தால் நாக்கு எங்கும் தடுக்காது. கடல், உடல், மடல், திடல். ஆனால் மூன்றாம் வரியில் ஒரு பொய் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் மடல் எழுதவில்லை. யாருக்கு எழுதுவது? நாங்கள் செய்ததெல்லாம் கைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்ததுதான். மடலை அந்த வரிக்குள் கொண்டுவந்தது எங்கள் வாழ்க்கை அல்ல, 'டல்' என்ற ஒலி. நாலாம் வரி அதைவிட மோசம். 'இல்லை'க்கு ஒத்த சொல் தேடியதில் ஒரு வீட்டின் துக்கம் 'தொல்லை' ஆகிவிட்டது. முழு எதுகையும் முழு இயைபும் சேர்ந்து நடக்கும் பாட்டில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. இரண்டு வரிகளுக்கு மேல் ஒரே எதுகையை இழுத்தால், அடுத்த வரியில் என்ன நடக்க வேண்டும் என்பதை ஒலியே முடிவு செய்யத் தொடங்கும். எழுதியவர் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வரியின் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் விரலால் மறைத்துவிட்டு, "இது நடந்ததா?" என்று கேட்க வேண்டும். என் நாலு வரியில் இரண்டு அந்தக் கேள்விக்கு நிற்கவில்லை.

ஆனாலும் முழு எதுகையை எளிதில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒப்பாரி வைக்கும்போது எதுகை அழுகிறவளைத் தாங்குகிறது. அடுத்த சொல் எங்கே விழும் என்று சுற்றி இருக்கிற எல்லோருக்கும் தெரியும், அவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அங்கே எதுகை ஒரு கைப்பிடி. கல்லின் முன்னால் தனியாக நின்று ஒருவர் வாசிக்கும் நாலு வரியில் சேர்ந்துகொள்ள யாரும் இல்லை. அப்போது அதே ஒத்திசைவு, விஷயம் முடிந்துபோனது என்று சொல்வதுபோல ஆகிவிடுகிறது. எங்களுக்கு எதுவும் முடியவில்லை.

இரண்டாம் வரைவை முறிவு என்று வைத்துக்கொள்கிறேன்:

விடியுமுன் எழுவாய், விளக்கை அணைப்பாய்
மடியை எடுப்பாய், மகளை அணைப்பாய்
படியில் நின்றென் பேரழைப்பாய்
கதவு திறந்தே கிடக்கிறது

மடி என்றால் எங்கள் கடற்கரையில் வலை. விடி, மடி, படி என்று மூன்று வரி எதுகை சீராக வருகிறது. அணைப்பாய், அணைப்பாய், அழைப்பாய் என்று இயைபும் வருகிறது. நாலாம் வரியில் 'கதவு' வந்ததும் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றுவிடுகின்றன. வினையின் காலமும் மாறுகிறது. இதை ஒரு தோழியிடம் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் வரி முடிந்ததும் நிறுத்தி, அடுத்த வரி எப்படித் தொடங்கும் என்று கேட்டேன். யோசிக்காமலே "அடி... நொடி... ஏதாவது 'டி'" என்றாள். நாலாம் வரியைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

முறிவு வேலை செய்யும் விதம் இதுதான். காதுக்கு ஓர் எதிர்பார்ப்பைக் கட்டிக் கொடுத்து, அதைக் கடைசியில் நிறைவேற்றாமல் விடுவது. அதற்கு அளவு உண்டு. ஒரு வரி எதுகையை வைத்து அடுத்த வரியில் முறித்தால் அது முறிவாகக் கேட்காது, எதுகையே இல்லாத பாட்டாகத்தான் கேட்கும். இரண்டு வரி வந்தால் ஐயம். மூன்று வந்தால்தான் காது நம்பத் தொடங்குகிறது. மறுபக்கம், எட்டு வரி கட்டிவிட்டு ஒன்பதாவதை முறித்தால், வாசிப்பவர் அதை எழுதியவரின் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். முறிகிற வரியில் ஒலி மட்டும் மாறாமல் வேறு ஏதாவதும் மாற வேண்டும். காலம், ஆள், வரியின் நீளம், இவற்றில் ஒன்று. அப்போதுதான் அது வேண்டுமென்றே செய்தது என்று தெரியும்.

தமிழ் யாப்புக்கு இது புதிதும் அல்ல. வெண்பாவில் ஒரு விகற்பம், இரு விகற்பம், பல விகற்பம் என்று பிரிப்பதே எதுகை எங்கே மாறுகிறது என்பதைக் கொண்டுதான். எதுகை, மோனை முதலிய தொடை எதுவுமே இல்லாமல் வருவதற்கும் செந்தொடை என்று பெயர் வைத்து அதை ஒரு தொடையாகவே எண்ணினார்கள். ஒலி இல்லாத இடத்தையும் ஒலியமைப்பின் பகுதியாகப் பார்த்த மரபு இது.

முறிவு வரைவு நன்றாக இருந்தது. இப்போதும் மூன்றில் அதுதான் கைத்திறன் மிகுந்தது என்று நினைக்கிறேன். மாமியிடம் வாசித்தேன். கேட்டு முடித்ததும், பாட்டைப் பற்றி எதுவும் சொல்லாமல், "கல்லில தேதி என்ன போடப் போற?" என்றாள். நான் நவம்பர் 30 என்றேன். "அன்னைக்குத்தான் போனாருன்னு உனக்கு யாரு சொன்னா? ரெண்டு நாள் கழிச்சும் பலகையைப் பிடிச்சிக் கிடந்தவியள தூக்கிட்டு வரல்லியா?" என்றாள்.

அந்தக் கேள்விதான் முடிவுக்கு வழி காட்டியது. முறிவு ஓர் இடத்தைச் சுட்டுகிறது. இதுவரை இருந்தார், இதற்குப் பிறகு இல்லை என்கிறது. என் பாட்டி 2004 டிசம்பர் 26 காலை குளச்சலில் சுனாமியில் போனாள். உடல் கிடைத்தது, அடக்கம் செய்தோம், நேரம் கூடத் தெரியும். அவளுக்கு அந்த முறிவு பொருந்தும். பிறகு அந்த அச்சை அப்படியே அவளுக்கு மாற்றி எழுதினேன். அடுப்பும் படியும் தாலாட்டும் வரும் மூன்று வரி, நாலாவது வரி 'மணலில் ஒற்றைச் செருப்பு'. வினைச்சொல்லே இல்லாத வரி. ஆனால் மாமாவின் சாவுக்கு அப்படி ஒரு கோடு எங்கும் இல்லை. நாலாம் வரியில் வைத்து எதுகையை முறிக்கும்போது, யாருக்கும் தெரியாத ஒரு நாளை எனக்குத் தெரியும் என்று சொல்கிறேன். அது இன்னொரு வகை மடல்.

மூன்றாம் வரைவு:

கரையில் காயும் உன் கயிறு
கறைபிடித்த கதவில் உன் கை
அலை தொடும், போகும்
அழைத்தால் ஒருத்தி சொல்வாள்: எல்லைக்கு வெளியே

தொடர்பு எல்லைக்கு வெளியே என்று கைபேசியில் ஒரு பெண்குரல் சொல்லுமே, அந்தக் குரல்தான் எங்கள் வீட்டில் முதல் வாரம் முழுதும் கேட்டது. முதல் வரைவில் இயைபுக்காக இழுத்து வந்த 'எல்லை' இங்கே தானாக வந்து உட்கார்ந்தது.

இந்த வரைவின் ஒலியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கரை, கறை. அலை, அழை. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டன. அங்கே கரையும் கறையும் ஒரே ஒலி, முழு எதுகை. எங்கள் மாவட்டத்தில் வயதானவர்கள் வாயில் கரியும் கறியும் இன்றும் வேறுவேறு. நாக்கு ஒன்றில் லேசாகத் தொடுகிறது, மற்றதில் அழுத்தி அதிர்கிறது. ழகரமும் அப்படியே, லகரத்தோடு கலக்காது. அதனால் இந்த நாலு வரியை மாமி கேட்கும்போது 'கரை'க்கு இணையாக 'கறை' வருகிறது, கிட்டத்தட்ட வந்துவிட்டது, ஆனால் அதே ஒலி இல்லை.

ஆங்கிலக் கவிதையில் இந்தச் சாய்ந்த ஒலியை இழப்புக்குப் பயன்படுத்தியவர்களில் வில்ஃபிரட் ஓவன் முக்கியமானவர். முதல் உலகப் போரில், 1918 நவம்பர் 4 அன்று கொல்லப்பட்டவர். இறந்த இரண்டு படைவீரர்கள் நிலத்தடியில் சந்திக்கும் கவிதையில் எஸ்கேப்ட் என்பதற்கு ஸ்கூப்ட் என்றும், க்ராயிண்ட் என்பதற்கு க்ரோண்ட் என்றும் அடி முடிவுகளை அமைத்தார். மெய்யெழுத்துகள் அப்படியே நிற்கின்றன, நடுவில் உயிர் மட்டும் மாறுகிறது. எலும்புக்கூடு அதேதான், உயிர் வேறு. அவர் அதை அடியின் கடைசியில் செய்தார், ஏனென்றால் ஆங்கிலக் காது காத்திருக்கும் இடம் அது.

தமிழில் அதே இடத்தில் செய்தால் பலிக்காது. நான் முதலில் அப்படித்தான் முயன்றேன். அடி முடிவுகளில் கிறது, கிறான், வில்லை என்று வினைவிகுதிகள் தாமாகவே ஒத்துப்போகின்றன. இலக்கணம் இலவசமாகக் கொடுக்கும் இயைபு அது. காது அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே ஒலியைச் சற்றுச் சாய்த்தால் யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் தற்செயல் என்பார்கள். தமிழ்க் காது விழித்திருக்கும் இடம் அடியின் தொடக்கம், இரண்டாம் எழுத்து. சாய்வை அங்கே வைத்தால்தான் உறுத்தும். அதற்காகவே மூன்றாம் வரைவின் முடிவுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் வெட்டினேன். கயிறு, கை, போகும், வெளியே. முதலில் 'காய்ந்துகொண்டிருக்கிறது', 'இருக்கிறது', 'போகிறது' என்றுதான் எழுதியிருந்தேன். அந்த மூன்று 'கிறது'களும் வரிகளுக்கு ஒரு போலி அமைதியைக் கொடுத்தன.

சாய்ந்த எதுகையையும் நம் இலக்கணம் ஓரளவு அறியும். இரண்டாம் எழுத்து அதே எழுத்தாக இல்லாமல் அதே இனமாக இருந்தால் இன எதுகை. வல்லினத்துக்கு வல்லினம், மெல்லினத்துக்கு மெல்லினம், இடையினத்துக்கு இடையினம். அலையும் அழையும் அந்தக் கணக்கில் வந்துவிடும், லகரமும் ழகரமும் இடையினம். கரையும் கறையும் வராது. ரகரம் இடையினம், றகரம் வல்லினம். ஆக என் நாலு வரியில் ஓர் இணை இலக்கணத்துக்குள் நிற்கிறது, ஓர் இணை வெளியே நிற்கிறது. இதை நான் திட்டமிடவில்லை. கண்டுகொண்ட பிறகு மாற்றவும் விரும்பவில்லை.

இன எதுகை இழப்பில் என்ன செய்யும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் ஆகப் பெரிய சான்று புறநானூறு 112, பாரி இறந்த பின் அவன் மகளிர் பாடியது:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

இதைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் அடித் தொடக்கங்களை மட்டும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். அற்றை, எந்தை, இற்றை, வென்றெறி, குன்றும். ஒன்றும் மூன்றும் முழு எதுகை. அந்த நிலவும் இந்த நிலவும் மாறாமல் அப்படியே இருக்கின்றன, ஒலியும் மாறவில்லை. நாலும் ஐந்தும் முழு எதுகை, வென்றவர்களும் அவர்கள் கொண்ட குன்றும். நடுவில் 'எந்தை' மட்டும் தனியாக நிற்கிறது. அதன் இரண்டாம் எழுத்து நகர ஒற்று, பின்னால் வருபவை னகர ஒற்று. மெல்லினம் என்பதால் இன எதுகையாக அரைகுறையாகச் சேர்கிறது, முழுதாகச் சேரவில்லை. இருந்த எல்லாவற்றுக்கும் இணை கிடைக்கும் பாட்டில், தகப்பனுக்கு மட்டும் முழு இணை கிடைக்கவில்லை.

இதே பாட்டில் முறிவும் இருக்கிறது. நாலாம் அடி மூன்றே சீர். நேரிசை ஆசிரியப்பாவின் விதிப்படி ஈற்றயலடி அப்படித்தான் குறையும், அது விதி. ஆனால் அந்தக் குறைந்த அடி 'எம்' என்று முடிகிறது. 'எம்' ஓர் அடியில், 'குன்றும்' அடுத்த அடியில். இரண்டாம் அடியில் 'எம்குன்றும்' என்று ஒட்டி நின்றது, இங்கே பிரிந்துவிட்டது. சாய்வும் முறிவும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதை இந்த ஐந்து அடியிலிருந்துதான் கற்றேன்.

நீளமான கவிதை என்றால் நாலாவதாக ஒரு வழியும் உண்டு. மில்ட்டன் 1637இல் எழுதிய லிசிடஸ், ஐரிஷ் கடலில் கப்பல் உடைந்து மூழ்கிப்போன எட்வர்டு கிங் என்ற நண்பருக்கான இரங்கல். மொத்தம் 193 அடி. இயைபு ஒழுங்கில்லாமல் வந்து வந்து போகிறது, அவற்றுக்கிடையே 10 அடிகளுக்கு மட்டும் இணையே கிடையாது. முதலடியே அப்படித் தனியடி. முதல் வாசிப்பில் யாரும் எண்ண மாட்டார்கள். ஏதோ ஒன்று சரியாக மூடவில்லை என்று மட்டும் தோன்றும். ஆனால் அதற்குச் சுற்றிலும் நிறைய இணைகள் வேண்டும். நாலு வரிக் கல்லில் ஒரு தனியடி வைத்தால் அது தனியடியாகத் தெரியாது.

மூன்றாம் வரைவுக்கும் குறை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. சாய்வு பிழையாகத் தெரியும். கல் வெட்டுகிற இடத்திலிருந்து வெட்டும் முன் சரிபார்க்க அச்செடுத்துக் கொடுத்தார்கள். அதில் இரண்டாம் வரி 'கரைபிடித்த கதவில்' என்று இருந்தது. தட்டச்சு செய்தவர், முதல் வரியில் 'கரை' இருக்கிறதே, இரண்டாவதில் நான் தவறாக எழுதிவிட்டேன் என்று நினைத்துத் திருத்தியிருந்தார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அந்த ஒரு எழுத்தில் கதவின் கறை போய்விட்டது, சாய்வு முழு எதுகையாகிவிட்டது, பொருளும் கெட்டது. சாய்ந்த ஒலியைத் தேர்ந்தெடுப்பவர்கள் அச்சுப் பிரதியைத் தாங்களே பார்க்க வேண்டும், இரண்டு முறை. இன்னொன்று, ஒரே ஓர் இடத்தில் மட்டும் சாய்த்தால் திருத்தத்தான் தோன்றும். இரண்டாவது இணையும் அதே மாதிரி சாயும்போதுதான் இது அமைப்பு என்று தெரியவரும். கரை, கறை மட்டும் இருந்திருந்தால் நான் தோற்றிருப்பேன். அலை, அழைதான் அதைக் காப்பாற்றியது.

மாமியிடம் இதையும் வாசித்தேன். தோழியிடம் செய்ததுபோலவே, இரண்டாம் வரியை மறைத்து, எப்படித் தொடங்கும் என்று கேட்டேன். அவள் சொல்லவில்லை. வாசித்ததும், "திரும்பச் சொல்லு" என்றாள். மறுபடி வாசித்தேன். "கரைன்னு சொல்லுதியா, கறைன்னா?" என்றாள். இரண்டும்தான் மாமி என்றேன். வாய்க்குள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். முறிவு வரைவைக் கேட்டபோது அவள் அழுதாள், ஆனால் மறுபடி கேட்கவில்லை. இதைக் கேட்டு அழவில்லை, அன்று சாயங்காலம் வரை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். அவர் பெயர் ஏதாவது பட்டியலில் வந்திருக்கிறதா என்று முதல் வருடம் முழுதும் அவள் அதே மாதிரிதான் மறுபடி மறுபடி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

கல்லுக்கு மூன்றாம் வரைவைக் கொடுத்தேன். கல்லறைத் திருநாளுக்கு அதையே முப்பது வரி அளவுக்கு வளர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் இணைகள் எல்லாம் சாய்வாகவே இருக்கும். ஒரே ஓர் அடிக்கு மட்டும் இணை வைக்கப் போவதில்லை, அவர் பெயர் வரும் அடி. அதைத் தொடக்கத்தில் வைப்பதா நடுவில் வைப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. தொடக்கத்தில் வைத்தால் கேட்பவர்கள் முப்பது வரியும் அதன் இணைக்காகக் காத்திருப்பார்கள் என்பதால் அந்தப் பக்கமே மனம் சாய்கிறது.

தேதி இருக்க வேண்டிய இடத்தில், மாமி சொன்னபடி, 'கடலுக்குப் போனது 2017 நவம்பர்' என்று மட்டும் வெட்டியிருக்கிறது.